பைனரி, ஹெக்ஸ் விடையைப் பதின்மத்துக்குத் திருப்பிச் சரிபார்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பதின்ம எண்ணை பைனரிக்கு மாற்றிய பிறகு, விடை சரியா தப்பா என்பது பார்த்தவுடன் தெரியாது. 10100110010, 10100100010 இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். விடையை மறுபடி பதின்மத்துக்குக் கொண்டுவந்து, கேள்வியில் இருந்த எண்ணோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

இதைச் செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். பலர் சறுக்குவது செய்யும் விதத்தில்தான். வகுத்த அட்டவணையையே மேலிருந்து கீழே ஒருமுறை கண்ணால் ஓட்டிவிட்டு, சரிபார்த்தாயிற்று என்று அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார்கள். முதல் தடவை கண்ணில் படாத தவறு அதே வழியில் இரண்டாம் தடவையும் படாது. சரிபார்ப்பு வேறொரு வழியில் வர வேண்டும்: விடையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, அது எந்த எண் என்று புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டு எண்களை எடுத்துக்கொள்வோம். பைனரிக்கு 1330, ஹெக்ஸுக்கு 2573.

## 1. முதலில் தாளில் எழுதிக்கொள்ள வேண்டியவை

கேள்வியில் உள்ள எண்ணைத் தாளின் ஓரத்தில் தனியாக எழுதி வட்டமிடுங்கள். கடைசியில் ஒப்பிடப்போவது இதோடுதான். வகுத்தலின் முதல் வரியில் இருக்கும் எண்ணோடு ஒப்பிடக் கூடாது, ஏனென்றால் 1330ஐ 1303 என்று மாற்றி எழுதி வகுத்திருந்தால் விடை திரும்பி 1303க்கே வரும், எல்லாம் சரி என்றே தோன்றும்.

அடுத்து பைனரியின் இடமதிப்புகள். வலது ஓரத்தில் 1 என்று தொடங்கி, இடதுபக்கம் போகப்போக இரட்டித்து எழுதுங்கள். கேட்ட எண்ணைத் தாண்டும்வரை போனால் போதும்.

```
2048 1024 512 256 128 64 32 16 8 4 2 1
```

ஹெக்ஸுக்கு 1, 16, 256, 4096 என்ற நான்கு மதிப்புகள் பெரும்பாலான பாடக் கணக்குகளுக்குப் போதும். அவற்றோடு எழுத்துகளின் மதிப்பும் வேண்டும். அதை F-இலிருந்து கீழ்நோக்கி எழுதுங்கள்: F 15, E 14, D 13, C 12, B 11, A 10. எந்த அடிமானத்திலும் மிகப் பெரிய இலக்கம் அடிமானத்தைவிட ஒன்று குறைவு. ஆகவே 16-இல் அது 15 என்பதில் குழப்பத்துக்கு இடமில்லை. A-யிலிருந்து விரல்விட்டு எண்ணுபவர்கள்தான் ஓர் எழுத்து தள்ளிப்போகிறார்கள்.

## 2. மாற்றும் கணக்கை ஈவும் மீதியும் தெரியும்படி எழுதுங்கள்

```
1330 ÷ 2 = 665  மீதி 0
 665 ÷ 2 = 332  மீதி 1
 332 ÷ 2 = 166  மீதி 0
 166 ÷ 2 =  83  மீதி 0
  83 ÷ 2 =  41  மீதி 1
  41 ÷ 2 =  20  மீதி 1
  20 ÷ 2 =  10  மீதி 0
  10 ÷ 2 =   5  மீதி 0
   5 ÷ 2 =   2  மீதி 1
   2 ÷ 2 =   1  மீதி 0
   1 ÷ 2 =   0  மீதி 1
```

மீதிகளைக் கீழிருந்து மேலே படித்தால் 10100110010.

மீதி 0 வந்தாலும் அதை எழுத வேண்டும். ஈவு 0 ஆகும்வரை வகுக்க வேண்டும். சிலர் ஈவு 1 வந்ததும் நிறுத்தி, அந்த 1-ஐ விடையின் முன்னால் சேர்த்துக்கொள்வார்கள். அது தவறில்லை, ஆனால் சேர்க்க மறந்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. கடைசி வரியையும் எழுதிவிட்டால் மறப்பதற்கே எதுவும் இருக்காது.

அப்புறம், ஈவுகளை அழித்துவிடாதீர்கள். ஆறாம் படியில் அவைதான் உதவப்போகின்றன.

## 3. கூட்டுவதற்கு முன் இரண்டு சின்னச் சோதனைகள்

விடையைத் தனி வரியில் எடுத்து எழுதி, வகுத்த அட்டவணையைக் கையாலோ தாளாலோ மறைத்துவிடுங்கள். இனி அந்த விடை மட்டும்தான் உங்களிடம் இருக்கிறது.

முதலில் இலக்கங்களை எண்ணுங்கள். 1330 என்பது 1024க்கும் 2048க்கும் இடையில் இருக்கிறது. 1024 வலமிருந்து பதினோராவது இடம். எனவே விடையில் சரியாக 11 இலக்கங்கள் இருக்க வேண்டும், இடது ஓரத்தில் 1 இருக்க வேண்டும். நடுவில் ஒரு சுழியம் விட்டுப்போய் 1010110010 என்று எழுதியிருந்தால், 10 இலக்கங்கள்தான் இருக்கும். கூட்டிப் பார்க்காமலே தப்பு என்று தெரிந்துவிடும்.

அடுத்து கடைசி இலக்கம். வலது ஓர இடத்தைத் தவிர மற்ற எல்லா இடமதிப்புகளும் இரட்டைப்படை. ஆகவே எண் ஒற்றைப்படை என்றால் பைனரி 1-இல் முடியும், இரட்டைப்படை என்றால் 0-இல் முடியும். மீதிகளை மேலிருந்து கீழாகப் படித்தவருக்கு 01001100101 கிடைத்திருக்கும். 1330 இரட்டைப்படை, இதுவோ 1-இல் முடிகிறது. அதோடு 0-வில் தொடங்குகிறது. இதைக் கூட்டினால் 613தான் வரும், ஆனால் அந்த வேலையே தேவையில்லை.

இந்த இரண்டு சோதனைகளையும் தாண்டிய விடையும் தப்பாக இருக்கலாம். இவை கூட்டலுக்கு மாற்று ஆகாது, கூட்டுவதற்கு முன்பே சில தவறுகளைக் கழித்துக்கட்டும் வழிகள் மட்டுமே.

## 4. இடமதிப்பு போட்டுக் கூட்டுங்கள்

விடையின் ஒவ்வொரு இலக்கத்துக்கும் மேலே அதன் இடமதிப்பை எழுதுங்கள். வலது ஓரத்திலிருந்து தொடங்குங்கள். இடதிலிருந்து தொடங்கினால் முதல் இடம் 1024-ஆ 512-ஆ என்று ஊகிக்க வேண்டிவரும். வலது ஓரம் எப்போதும் 1, ஊகம் தேவையில்லை.

```
1024 512 256 128 64 32 16 8 4 2 1
  1   0   1   0   0  1  1 0 0 1 0
```

1 இருக்கும் இடங்களை மட்டும் எடுத்துக் கூட்டுங்கள். பெரியதிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கூட்டலின் விடையையும் எழுதிக்கொண்டே போவது நல்லது: 1024, அதோடு 256 சேர்ந்து 1280, 32 சேர்ந்து 1312, 16 சேர்ந்து 1328, 2 சேர்ந்து 1330. வட்டமிட்ட எண்ணும் 1330. ஒத்துவந்துவிட்டது.

இந்தப் படியிலேயே ஒரு தவறு நடப்பதுண்டு. வலது ஓர இடத்துக்கு 1 போடாமல் 2 போட்டுத் தொடங்கிவிடுவார்கள். அப்போது கூட்டுத்தொகை 2660 வரும். கிடைத்த எண் கேட்ட எண்ணைப்போல் சரியாக இரண்டு மடங்கு என்றால், முதலில் உங்கள் இடமதிப்பு வரிசையைப் பாருங்கள். விடை சரியாகவும் சரிபார்ப்பு தப்பாகவும் இருக்கலாம். சரியான விடையை அடித்துவிட்டு மறுபடி வகுக்கப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

## 5. ஒத்துவரவில்லையா? வித்தியாசத்தைக் கணக்கிடுங்கள்

எண் மாறி வந்தவுடன் பெரும்பாலானவர்கள் எல்லாவற்றையும் அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார்கள். அவசரப்பட வேண்டாம். கேட்ட எண்ணுக்கும் கிடைத்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம், தவறு எந்த இடத்தில் என்று பல நேரம் சொல்லிவிடும்.

உங்கள் விடை 10100100010 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 1314. வித்தியாசம் 16, குறைவு. 16 என்பது இடமதிப்பு வரிசையில் உள்ள எண். அந்த இடத்தில் விடையில் 0 இருக்கிறது. அங்கே 1 இருந்திருக்க வேண்டும். மறைத்த அட்டவணையைத் திறந்து, அந்த இடத்துக்கு உரிய மீதியை மட்டும் பார்த்தால் போதும். வலமிருந்து ஐந்தாவது இடம், எனவே அட்டவணையில் மேலிருந்து ஐந்தாவது வரி. 83ஐ வகுக்கும் வரி அது, மீதி 1.

கிடைத்தது 306 என்றால் வித்தியாசம் 1024. இடது ஓர 1 விட்டுப்போயிருக்கிறது, அதாவது ஈவு 1 வந்ததும் நிறுத்திவிட்டீர்கள். கிடைத்தது 665 என்றால் சரிபாதி. முதல் மீதியான 0-வை எழுதாமல் விட்டதால் எல்லா இலக்கமும் ஓர் இடம் வலப்பக்கம் நகர்ந்துவிட்டது.

ஓர் இடம் மட்டும் கவனிக்கத்தக்கது. கிடைத்தது 1586 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 256, அதிகம். அப்படியானால் 256 இடத்தில் தேவையில்லாத 1 இருக்க வேண்டும். ஆனால் விடையைப் பார்த்தால் 11000110010, அந்த இடத்தில் இருப்பது 0. பின் எப்படி 256 கூடியது? இடப்பக்கத்து 512 இடத்தில் 1 வந்திருக்கிறது, 256 இடத்தில் இருக்க வேண்டிய 1 இல்லை. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறிவிட்டன. 512 கூடி 256 குறைந்தால் நிகரமாக 256 அதிகம்.

ஆகவே வித்தியாசம் ஓர் இடமதிப்பாக வந்தால், முதலில் அந்த இடத்து இலக்கத்தைப் பாருங்கள். அதிகமாக வந்து அங்கே 1 இருந்தாலோ, குறைவாக வந்து அங்கே 0 இருந்தாலோ அந்த இலக்கத்தின் மேல்தான் முதல் சந்தேகம். அப்படி இல்லாவிட்டால் அதையும் அதன் இடப்பக்கத்து இலக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

## 6. வித்தியாசம் இடமதிப்பாக இல்லாவிட்டால்: இரட்டித்துக் கூட்டிப் பாருங்கள்

வகுத்தலிலேயே பிழை இருந்தால் வித்தியாசம் இப்படித் தெளிவாக இருக்காது. 166ஐ இரண்டால் வகுத்து 83 என்று எழுதுவதற்குப் பதில் 88 என்று எழுதிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வரியும் ஒழுங்காகவே போகும்: 88, 44, 22, 11, 5, 2, 1, 0. விடை 10110000010. இலக்கங்கள் 11, கடைசி இலக்கம் 0, சின்னச் சோதனைகள் இரண்டிலும் தேறிவிடுகிறது. கூட்டினால்தான் 1410 என்று தெரியவருகிறது. வித்தியாசம் 80, அது இடமதிப்பு இல்லை.

இப்போது இரண்டாவது வழி. விடையின் இடது ஓர இலக்கத்திலிருந்து தொடங்கி, கையில் இருக்கும் எண்ணை இரட்டித்து, அடுத்த இலக்கத்தைக் கூட்டிக்கொண்டே வாருங்கள்.

```
இலக்கம்:  1  0  1  1   0   0   0    0    0    1     0
கையில்:   1  2  5  11  22  44  88  176  352  705  1410
```

வகுத்தல் என்பது இரண்டால் வகுத்து மீதியை ஒதுக்குவது. இரட்டித்து மீதியைச் சேர்த்தால் அதே பாதையில் பின்னோக்கி நடக்கிறோம். அதனால் கையில் வரும் எண்கள், அட்டவணையின் ஈவுகளைக் கீழிருந்து மேலாகப் படித்ததுபோல் வர வேண்டும். இப்போது அட்டவணையைத் திறந்து ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். 1, 2, 5, 11, 22, 44, 88 வரை ஒத்துப்போகிறது. அடுத்து இங்கே 176, அட்டவணையில் 166. தவறு அந்த இரண்டு வரிகளுக்கு இடையில்தான்: 166ஐ வகுத்த இடம். அதற்கு மேலே உள்ள மூன்று மீதிகள் சரியானவை, அவற்றைத் தொட வேண்டாம். 83 என்று திருத்தி, அந்த வரிக்குக் கீழே மட்டும் மறுபடி வகுத்தால் போதும்.

வித்தியாசம் ஏன் 80 என்பதும் இப்போது விளங்கும். 83க்குப் பதில் 88, ஐந்து அதிகம். நான்காவது வகுத்தலில் நடந்த பிழை என்பதால் திரும்பிவரும்போது அது நான்கு முறை இரட்டிக்கிறது. ஐந்து பதினாறு எண்பது.

இந்த முறை இவ்வளவு வசதியாக இருக்கும்போது, இதையே முதல் சரிபார்ப்பாகச் செய்யலாமே என்று கேட்பார்கள். வேண்டாம் என்பது என் கருத்து. ஈவுகள் பக்கத்திலேயே இருந்தால், 88-இன் இரட்டிப்பை நீங்கள் கணக்கிடுவதற்கு முன்பே கண் 166ஐப் பார்த்துவிடும், கை அதையே எழுதிவிடும். இடமதிப்புக் கூட்டலில் ஈவுகள் எங்கும் வருவதில்லை. அதனால் சரிபார்க்க இடமதிப்பு, பிழையைத் தேட இரட்டிப்பு என்ற வரிசையை வைத்துக்கொள்ளுங்கள்.

## 7. ஹெக்ஸ் விடையைச் சரிபார்த்தல்

```
2573 ÷ 16 = 160  மீதி 13  (D)
 160 ÷ 16 =  10  மீதி 0
  10 ÷ 16 =   0  மீதி 10  (A)
```

விடை A0D. மீதி எழுதும்போதே பக்கத்தில் எழுத்தையும் எழுதிவிடுங்கள். அப்படிச் செய்யாதவர்கள் 10, 0, 13 என்பவற்றை அப்படியே ஒட்டி 10013 என்று விடை எழுதுவதுண்டு. ஹெக்ஸில் அது 65555, கேட்ட எண்ணுக்கு வெகு தூரம். இங்கும் இலக்கங்களை எண்ணினாலே பிடிபடும்: 2573 என்பது 256க்கும் 4096க்கும் இடையில், எனவே மூன்று இலக்கங்கள். நடுச் சுழியத்தை விட்டு AD என்று எழுதியிருந்தாலும் இதே சோதனையில் விழும். அது வெறும் 173.

கூட்டல் முன்போலத்தான், ஆனால் இங்கே இலக்கத்தால் பெருக்கவும் வேண்டும். 10 × 256 = 2560. 0 × 16 = 0. 13 × 1 = 13. கூட்டினால் 2573. சுழிய வரியையும் எழுதுங்கள். அதை விட்டால், அடுத்த இலக்கத்துக்குத் தவறான இடமதிப்பைப் போட்டுவிட வாய்ப்பு அதிகம்.

வித்தியாசம் வந்தால் அதை 16-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியின்றி வகுபடாவிட்டால் கடைசி இலக்கத்தில் பிழை இருக்கிறது. A0C என்று எழுதியவருக்கு 2572 வரும், வித்தியாசம் 1. பதினாறால் வகுபட்டு 256-ஆல் வகுபடாவிட்டால் வலமிருந்து இரண்டாவது இலக்கத்தைப் பாருங்கள். 256-ஆலும் வகுபட்டால் மூன்றாவது: B0D எழுதியிருந்தால் 2829, வித்தியாசம் 256. ஒரே ஓர் இலக்கம்தான் தவறு என்றால் இது நேராக அந்த இடத்தைக் காட்டும்.

## 8. பைனரியைத் தொகுத்து ஹெக்ஸ் எடுத்திருந்தால்

பைனரி இலக்கங்களை நான்கு நான்காகப் பிரித்து ஹெக்ஸ் எடுப்பது எளிய வழி. வலது ஓரத்திலிருந்து பிரிக்க வேண்டும், ஏனென்றால் 1, 16, 256 என்ற ஹெக்ஸ் இடமதிப்புகள் வலது ஓரத்திலிருந்துதான் தொடங்குகின்றன. 1330-இன் பைனரி 0101 0011 0010 என்று பிரிந்து 532 ஆகும். 5 × 256, 3 × 16, 2 சேர்ந்தால் 1280 + 48 + 2 = 1330.

இடதிலிருந்து பிரித்தவருக்கு 1010 0110 010, அதாவது A62 கிடைக்கும். அதன் மதிப்பு 2658. கடைசித் தொகுதியை நிரப்ப வலப்பக்கம் ஒரு சுழியம் சேர்த்திருந்தால் A64, அது 2660, சரியாக இரண்டு மடங்கு.

இந்தக் கணக்கில் ஹெக்ஸை மறுபடி பைனரிக்கு விரித்துப் பார்த்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. பைனரியே தவறாக இருந்தால், அதிலிருந்து எடுத்த ஹெக்ஸும் அதே தவறைச் சுமந்து அதோடு அழகாகப் பொருந்தும். ஹெக்ஸையும் பதின்மத்துக்குக் கொண்டுவந்து வட்டமிட்ட எண்ணோடு ஒப்பிட வேண்டும்.

## 9. ஒத்துவந்தும் விடை தப்பாக இருக்கும் இடம்

C என்றால் 13 என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒருவர் 2573-ஐ A0C என்று எழுதுவார். சரிபார்க்கும்போதும் C-க்கு 13 போடுவார். 2560 + 13 = 2573. ஒத்துவந்துவிடும், விடை மட்டும் தவறு. போகும்போதும் வரும்போதும் ஒரே தவறான மதிப்பைப் பயன்படுத்தினால், எந்தத் திருப்பிக் கணக்கும் அதைக் காட்டிக்கொடுக்காது. முதல் படியில் F-இலிருந்து எழுதச் சொன்ன எழுத்து மதிப்புகள் இதற்காகத்தான். நினைவிலிருந்து போடாமல் அதைப் பார்த்தே போடுங்கள்.

## 10. எதிர்ம எண்ணும் தசமப் புள்ளியும்

இரண்டின் நிரப்பு முறையில் -37-ஐ 8 பிட்டில் எழுதினால் 11011011. இதை வழக்கம்போல் கூட்டினால் 219 வரும், விடை தப்பு என்று தோன்றும். இந்த முறையில் இடது ஓர இடத்தின் மதிப்பு +128 இல்லை, -128. மற்ற இடங்கள் 64 + 16 + 8 + 2 + 1 = 91. -128 + 91 = -37, சரி.

தசமப் புள்ளிக்குப் பின்னால் உள்ள பகுதியில் எண் அப்படியே திரும்பிவரும் என்று எதிர்பார்க்க முடியாது. 0.1-க்கு பைனரியில் முடிவே இல்லை. எட்டு இடத்தோடு நிறுத்தினால் 0.00011001. புள்ளிக்குப் பின் இடமதிப்புகள் 1/2, 1/4, 1/8 என்று போகும். 1/16 + 1/32 + 1/256 = 0.09765625. எட்டாவது இடத்தோடு வெட்டி நிறுத்தியிருந்தால், வித்தியாசம் அந்தக் கடைசி இடத்தின் மதிப்பான 1/256-ஐவிட, அதாவது 0.00390625-ஐவிட, குறைவாக இருக்க வேண்டும். கிடைத்த எண் கேட்ட எண்ணைத் தாண்டவும் கூடாது. இங்கே வித்தியாசம் 0.00234375. விடையை ஏற்றுக்கொள்ளலாம்.

## 11. கணினி கையில் இருந்தால்

பைத்தானில் உங்கள் விடையைக் கொடுத்துப் பதின்மத்தைக் கேளுங்கள்.

```
int("10100110010", 2)
int("A0D", 16)
```

முதல் வரிக்கு 1330, இரண்டாவதுக்கு 2573 வரும். `bin(1330)` என்று நேராகக் கேட்டால் சரியான விடை கிடைத்துவிடும்தான். ஆனால் அதையும் உங்கள் விடையையும் இலக்கம் இலக்கமாகக் கண்ணால் ஒப்பிட வேண்டியிருக்கும், வித்தியாசமும் கிடைக்காது. `int` தருவது ஒரே ஓர் எண். அதைக் கேட்ட எண்ணிலிருந்து கழித்துக்கொண்டு ஐந்தாம் படிக்குப் போகலாம்.